போட்டோவில் செஸ் போர்டு: பெஸ்ட் மூவுக்கு முன்னால், யார் முறை?

[திரையில்: மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், பக்கவாட்டில் எடுத்த செஸ் போர்டு படம்]

வணக்கம். இந்தப் படம் குளச்சலில் இருந்து ஒரு பையன் வாட்ஸ்அப்பில் அனுப்பியது. நாகர்கோவிலில் என்னிடம் செஸ் படிக்க வருகிறவன், பிளஸ் ஒன் படிக்கிறான். மழை, கரண்ட் இல்லை, கூட்டாளியோடு வீட்டுத் திண்ணையில் ஆடியிருக்கிறான். படத்துக்குக் கீழே ஒரே வரி: "அண்ணே, இதுல பெஸ்ட் மூவ் எது?"

முதலில், இது போட்டி ஆட்டமா என்று கேட்டேன். போட்டி ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது வெளியே யாரிடமும் யோசனை கேட்க விதி அனுமதிக்காது. போட்டி இல்லை, சும்மா ஆட்டம்தான், கூட்டாளியும் பக்கத்திலேயே இருக்கிறான் என்றான். சரி, பேசலாம்.

[திரையில்: அதே நிலை, தெளிவான வரைபடமாக]

வெள்ளை ராஜா g1-இல். அதற்கு முன்னால் f2, g2, h2-இல் மூன்று சிப்பாய்கள். கருப்பு ராஜா g8-இல், முன்னால் f7, g7, h7-இல் மூன்று சிப்பாய்கள். வெள்ளை யானை a7-இல், கருப்பு யானை a2-இல். இரண்டுக்கும் நடுவே a5-இல் வெள்ளைக்கு ஒரு சிப்பாய். அவ்வளவுதான்.

இப்போது வெள்ளை முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். யானையை a8-க்கு ஏற்றினால் செக்மேட். ராஜா வெளியே வர முடியாதபடி அதன் சிப்பாய்களே கதவை அடைத்து நிற்கின்றன. கருப்பு யானை காப்பாற்ற வரலாம் என்றால், a5 சிப்பாய் வழியை மறிக்கிறது. b8 முதல் f8 வரை எந்தக் கட்டத்துக்கும் அதனால் ஒரே நகர்வில் வர முடியாது.

சரி, கருப்பு முறை என்றால்? யானை a1-க்கு இறங்கினால் அதுவும் செக்மேட். காரணமும் அதேதான், மேலிருந்து கீழாகத் திருப்பிப் போட்டது மாதிரி.

ஆக, காய்களை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இந்தப் படத்துக்குப் பதில் கிடையாது. ஒரு ராஜா செக்கில் இருந்தால் உடனே தெரிந்துவிடும், முறை அந்த ராஜாவுடையதுதான். இங்கே இரண்டு ராஜாவும் செக்கில் இல்லை. கடிகாரம் வைத்து ஆடியிருந்தால் அதையும் படத்தில் பார்க்கலாம்: எந்தப் பக்கத்துப் பட்டன் மேலே தூக்கி நிற்கிறதோ, அந்தப் பக்கம்தான் ஆட வேண்டும். ஆடி முடித்தவர்தானே தன் பட்டனை அமுக்குகிறார். திண்ணை ஆட்டத்தில் கடிகாரமும் இல்லை, மூவ் எழுதிய தாளும் இல்லை.

[திரையில்: இரண்டு வரிகள், நடுவில் உள்ள ஒரே எழுத்து மஞ்சளில்]

```
6k1/R4ppp/8/P7/8/8/r4PPP/6K1 w - - 0 1
6k1/R4ppp/8/P7/8/8/r4PPP/6K1 b - - 0 1
```

ஒரு நிலையை ஆப்பில் கொடுக்க இப்படித்தான் எழுதுவார்கள், இதற்கு FEN என்று பெயர். பெரிய எழுத்து வெள்ளைக் காய், சின்ன எழுத்து கருப்புக் காய். காய்களுக்கு அடுத்து வரும் w அல்லது b என்ற ஒற்றை எழுத்துதான் யார் முறை என்பது. பல ஆப்களில் நாம் மாற்றாவிட்டால் அது w என்றே இருக்கும். படத்தைப் பார்த்துக் காய்களை அடுக்கிவிட்டு இதைக் கவனிக்காமல் தட்டினால், ஆப் தயங்காமல் "a8, செக்மேட்" என்று காட்டும்.

அந்தப் பையனிடம் திரும்பவும் கேட்டேன்: "மக்கா, உனக்கு எந்தக் கலர்? யார் முறை?"

"நான் வெள்ளை, அண்ணே. என் முறைதான்."

இந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்கு மனசு வராது. தன் காயை நகர்த்திவிட்டு, அந்த வேகத்திலேயே படம் எடுத்து, "என் முறை" என்று அனுப்புகிறவர்கள் நிறைய. அதனால் நான் எப்போதும் கேட்பது வேறு கேள்வி: கடைசியாக நகர்ந்த காய் எது, எங்கிருந்து எங்கே போனது? முறையை மறந்தவர்களுக்கும் கை நகர்த்திய காய் ஞாபகம் இருக்கும்.

அவன் சொன்னான்: "அவன் யானையை a1-ல இருந்து a2-க்கு ஏத்தினான்."

[திரையில்: கருப்பு யானை a1-இல், அங்கிருந்து g1 ராஜாவை நோக்கிச் சிவப்பு அம்பு]

இங்கே கொஞ்சம் நிற்போம். கருப்பு யானை a1-இல் இருந்திருந்தால் வெள்ளை ராஜா அப்போதே செக்கில் இருந்திருக்கும், நடுவில் ஒரு காயும் இல்லை. எதிராளி ராஜா செக்கில் நிற்கும்போது கருப்புக்கு முறை வரவே வராது. அப்படி ஒரு நகர்வு நடந்திருக்க முடியாது. சொன்னவன் பொய் சொல்லவில்லை, இருட்டில் குழம்பியிருக்கிறான். கடைசி நகர்வைக் கேட்பதில் இதுதான் லாபம். சொல்வது சரியா என்று காயைப் பின்னால் வைத்துப் பார்க்கலாம்.

போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். கூட்டாளி சொன்னான்: "அண்ணே, a3-ல இருந்த யானையால நான் a2-ல அவன் மந்திரியைப் பிடிச்சேன். உடனே அவன் b7-ல இருந்த யானையால a7-ல என் மந்திரியைப் பிடிச்சான். அப்பத்தான் கரண்ட் போச்சு."

பின்னால் வைத்துப் பார்த்தேன். பொருந்துகிறது. போர்டுக்கு வெளியே கடைசியாகப் போட்ட காய்கள் எவை என்று கேட்டேன். கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, இரண்டும் மந்திரி. பையனும் "ஆமா அண்ணே, நான்தான் கடைசியா பிடிச்சேன்" என்றான். ஆக, முறை கருப்புடையது.

ஆனாலும் நான் இன்னும் பதில் சொல்லவில்லை. a5 சிப்பாயைப் பாருங்கள்.

[திரையில்: அனுப்பிய படத்தில் a5 பகுதி, பெரிதாக]

கோட்டின் மேலேயே நிற்கிறது. படம் பக்கவாட்டில் எடுத்ததால் அது a5-ஆ, b5-ஆ என்று தெரியவில்லை. b5 என்றால் கதையே வேறு: யானை இரண்டும் நேருக்கு நேர் நிற்கும், யார் முறையோ அவர் மற்றவர் யானையைச் சும்மா பிடித்துவிடலாம். a8 மேட்டும் இல்லை, a1 மேட்டும் இல்லை. நேர் மேலே இருந்து, போன் டார்ச் அடித்து இன்னொரு படம் எடுக்கச் சொன்னேன். வந்தது. a5-தான்.

இப்போது சொன்னேன்: கருப்பு யானை a1, செக்மேட்.

அந்தப் பக்கம் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு பையன் கேட்டான்: "மந்திரிக்கு மந்திரி சரியாப் போச்சுன்னு நினைச்சேன். எங்கே தப்பு?"

[திரையில்: வெள்ளை யானை b7-இல், அங்கிருந்து b1 வரை பச்சைக் கோடு]

யானை b7-இல் இருந்தவரை b1 கட்டத்தைக் காத்துக்கொண்டிருந்தது. ஆனால் கருப்பு a1-க்கு வந்து, அது நடுவில் இறங்கி மறித்தாலும் அங்கே துணை இல்லை. கருப்பு அதையும் பிடிக்கும், அப்போதும் செக்மேட்தான், ஒரு மூவ் தள்ளிப் போயிருக்கும், அவ்வளவே. மந்திரியைப் பிடிக்க ஒரு கட்டம் பக்கத்தில் நகர்ந்ததும் அந்தக் காவலும் போய்விட்டது. அசல் தப்பு, ராஜா வெளியே வர வாசல் வைக்காததுதான்.

"h சிப்பாயை முன்னாடியே ஒரு கட்டம் தள்ளியிருந்தா?"

"ராஜாவுக்கு h2-ல வாசல் கிடைச்சிருக்கும். எந்த மூவ்ல தள்ளியிருக்கலாம்னு நாளைக்கு போர்டுல வச்சுப் பார்ப்போம். கூட்டாளியையும் கூட்டிட்டு வா, மக்கா."