தண்ணீர் எந்த வீட்டிலிருந்து வந்தது?

வணக்கம் நேயர்களே. கோலாலம்பூரில் பல வருடமாக சீலிங், பார்ட்டிஷன் வேலை செய்து வருகிறவன் நான். நான் போட்டதில் நல்ல சீலிங்குகள் நிறைய உண்டு. இன்று பேசப்போவது கெட்டுப்போன ஒன்றைப் பற்றி. அதைக் கெடுத்தவனும் நான்தான்.

செந்தூல் பக்கம் ஓர் அடுக்குமாடி வீடு. அந்த வீட்டு அக்காவின் மகள் எஸ்பிஎம் எழுதும் வருடம். ஹாலில் ஒரு பகுதியைத் தடுத்து 3.6 மீட்டருக்கு 3 மீட்டரில் ஓர் அறை வேண்டும், அதற்கு பிளாஸ்டர் சீலிங்கும் ஏர்கோனும் வேண்டும் என்றார். அறையின் ஒரு பக்கச் சுவருக்கு அந்தப்புறம் குளியலறை. ஏர்கோனின் செம்புக் குழாய்கள் சீலிங்குக்கு மேலாகக் குளியலறை ஓரமாகவே ஓடி, வெளியே இருக்கும் யூனிட்டுக்குப் போகும். ஒரு வாரத்தில் வேலை முடிந்தது. அழகாகத்தான் இருந்தது.

எட்டு மாதம் கழித்து அக்கா கூப்பிட்டார். "தம்பி, மேல்வீட்டு பாத்ரூம் ஒழுகுது. வந்து பாருங்க." போய்ப் பார்த்தேன். குளியலறைச் சுவரை ஒட்டி, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு மஞ்சள் கறை. அதைச் சுற்றிப் பழுப்பு வளையங்கள், மரத்தின் வயது வளையம் மாதிரி. அது ஒரு தகவல். தண்ணீர் விடாமல் வந்தால் பலகை நனைந்து விழும். வளையம் இருக்கிறதென்றால் நனைந்திருக்கிறது, காய்ந்திருக்கிறது, திரும்பவும் நனைந்திருக்கிறது என்று பொருள்.

மேல்வீட்டு ஆண்டியோடு அதற்குள் இரண்டு முறை வாக்குவாதம் நடந்துவிட்டது. நிர்வாகத்துக்கும் கடிதம் போய்விட்டது. இங்கே சட்டம் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2015-ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாக விதிமுறைகளின்படி, உங்கள் சீலிங்கில் ஈரம் தெரிந்து நீங்கள் புகார் கொடுத்தால் நிர்வாகம் 7 நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும். வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை குறை மேல்வீட்டில்தான் என்று எடுத்துக்கொள்ளப்படும். மேல்வீட்டார் தரையை உடைத்துப் பார்க்கும் நிலை வரலாம். ஆனால் நிரூபிக்க என்ன வழி? சீலிங்குக்கு மேலே பார்க்க ஒரு துவாரம்கூட நான் விட்டு வைக்கவில்லை.

அக்காவிடம் ஒரே கேள்விதான் கேட்டேன். "தைப்பூசத்துக்குப் பினாங்கு போனீங்களே, ஒரு வாரம் கழிச்சுத் திரும்பி வந்தப்போ கறை எப்படி இருந்தது?" யோசித்துப் பார்த்துவிட்டு, "காஞ்சுதான் கிடந்தது" என்றார். மேல்வீட்டார் அந்த வாரம் முழுக்க வீட்டில்தான் இருந்தார்கள், தினமும் குளித்தார்கள். ஓடாமல் இருந்தது கீழ்வீட்டு ஏர்கோன்தான்.

கறைக்குப் பக்கத்தில் சதுரமாக வெட்டித் திறந்தேன். டார்ச் அடித்ததும் தெரிந்தது. செம்புக் குழாய் இணைப்பு இருந்த இடத்தில் கறுப்பு நுரை உறை ஒரு சாண் நீளத்துக்கு மூடாமல் கிடந்தது. கொஞ்சம் தள்ளி, குழாய்க்கட்டை, சீலிங்கைத் தாங்கும் என் தொங்குகம்பியோடு சேர்த்து பிளாஸ்டிக் கட்டால் நான் இறுக்கியிருந்தேன். உறை அங்கே நசுங்கிப் போயிருந்தது. இரண்டு இடத்திலும் சொட்டுச் சொட்டாக நீர்.

இது கசிவு அல்ல, வியர்வை. நம் ஊர்க் காற்று 30 டிகிரியில், ஈரப்பதம் 75 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பொருளின் மேல் பட்டாலும் அந்தக் காற்று தண்ணீரை விட்டுவிடும். ஐஸ் போட்ட சிராப் கிளாஸ் மேசையை நனைக்கிறதே, அதே கதைதான். ஓடுகிற ஏர்கோன் குழாய் அதைவிட எவ்வளவோ குளிர்ந்தது. சீலிங்குக்கு மேலே இருக்கும் காற்றோ, குளியலறைப் பக்கத்திலிருந்து வந்த ஈரக்காற்று. உறை நசுங்கினாலும் திறந்து கிடந்தாலும் இரவெல்லாம் சொட்டும், காலையில் ஏர்கோனை நிறுத்தினால் காயும். வளையங்கள் வந்த வழி அதுதான்.

சந்தேகம் உண்மையிலேயே மேல்வீட்டுக் குளியலறை மேல் என்றால் அதற்கும் எளிய சோதனை உண்டு. மேலே தரை வடிகாலை அடைத்து, ஓர் அங்குல உயரத்துக்குச் சாயம் கலந்த தண்ணீரை ஒரு நாள் தேக்கி வைத்தால், கீழே வரும் ஈரத்தின் நிறம் சொல்லிவிடும். அன்று அதற்கு வேலையே இருக்கவில்லை.

சரி, பலகையை என்ன செய்வது? கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்து நிறம் மட்டும் மாறியிருந்தால், ஈரத்தின் மூலத்தைச் சரிசெய்து, நன்றாகக் காயவிட்டு, கறை மறைக்கும் எண்ணெய் சார்ந்த பிரைமர் அடித்துப் பிறகு வண்ணம் பூசலாம். தண்ணீர் பெயிண்டை நேராக அடித்தால் ஒரு மாதத்தில் கறை மேலே எட்டிப் பார்க்கும். விரல் உள்ளே போனாலோ, காகிதம் உப்பினாலோ, கருப்புப் பூஞ்சை தெரிந்தாலோ வெட்டி எறிவதுதான் வழி. அக்கா வீட்டில் விரல் உள்ளே போனது. அதோடு நான் வைத்த பலகை குளியலறை ஓரத்துக்கு ஏற்றதும் அல்ல, பலகையைத் தாங்கும் உலோகச் சேனல் சட்டமும் எனக்குத் திருப்தியில்லை. முழுவதையும் இறக்கிவிட்டு என் செலவில் மறுபடி போட்டேன்.

அந்தச் சேனல் சட்டத்தைப் பற்றி ஒரு கணக்கு. அந்த அறைக்கு மூன்று பெரிய சேனல், ஒவ்வொன்றுக்கும் நான்கு தொங்குகம்பி, ஆக 12 கம்பி. ஒரு சதுர மீட்டர் பலகை சுமார் 7 கிலோ. சட்டத்தையும் சேர்த்தால் மொத்தம் 100 கிலோவை ஒட்டி வரும். ஒரு கம்பிக்கு எட்டு கிலோ சொச்சம்தான். கான்கிரீட்டில் உலோக நங்கூர போல்ட் போட்டுத் தொங்கவிட்டால் இந்த எடை ஒரு பொருட்டே இல்லை. அப்படியானால் சீலிங் ஏன் தொய்கிறது? பலகையைப் பிடிக்கும் சின்ன சேனல்களுக்கு நடுவில்தான் தொய்கிறது. பலகைக்குள் இருக்கும் ஜிப்சம் ஈரம் குடித்தால் இளகும். 600 மில்லிமீட்டர் இடைவெளியில், காய்ந்த காற்றில் நேராக நிற்கும் பலகை, நம் ஊர் ஈரத்தில் நடுவே வயிறு போடும். முதல் தடவை நான் வைத்தது 600. இரண்டாம் தடவை 400. கூடுதலாக மூன்று சேனல், அவ்வளவுதான் செலவு.

மின்விசிறி பற்றிச் சிலர் கேட்பார்கள். விசிறி, கனமான விளக்கு எதுவும் பலகையிலோ சேனலிலோ தொங்கக்கூடாது. அதற்குத் தனிக் கம்பி, நேராகக் கான்கிரீட்டிலிருந்து. பலகையில் கம்பி போக ஓர் ஓட்டை மட்டும். என் தவறின் இன்னொரு பக்கமும் இதுதான். குழாய்க்குக் குழாயின் தாங்கி, சீலிங்குக்குச் சீலிங்கின் கம்பி. ஒன்றின் மேல் ஒன்று சாயக்கூடாது.

பலகைக்கு வருவோம். பச்சை நிறத்தில் ஈரம் தாங்கும் ஜிப்சம் பலகை கிடைக்கிறது. நல்ல தரம் என்றால், இரண்டு மணி நேரம் தண்ணீரில் போட்டு வைத்தாலும் தன் எடையில் 5 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர் ஏறாது. அதனால் குளியலறையை ஒட்டிய ஓரத்துக்கு அதைத்தான் போட்டேன். ஆனால் பச்சை என்றால் தண்ணீர் புகாது என்று நினைக்காதீர்கள். ஈரக் காற்றைத் தாங்கும், அவ்வப்போது தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும். தினமும் சொட்டினால் அதுவும் போகும். ஷவருக்கு நேர் மேலே, சுற்றிலும், ஜிப்சமே வேண்டாம். அங்கே சிமெண்ட் போர்டு.

பலகை இணைப்புகளில் பூசும் மாவும் தண்ணீர் ஆவியாகித்தான் காய்கிறது. மத்தியானம் மூன்று மணிக்கு இடியோடு மழை வரும் மாதங்களில் ஒரு பூச்சுக்கு ஒரு முழு நாள் விடுவேன். காயாத பூச்சின் மேல் அடுத்ததைப் பூசினால், வேலை முடித்துக் காசு வாங்கிக்கொண்டு போன பிறகு இணைப்பு முழுக்க மயிரிழை விரிசல் வரும். அவசரப்படுத்தும் வாடிக்கையாளரிடம் நான் விட்டுக்கொடுக்காத இடம் இது.

பார்ட்டிஷனில் ஈரம் கீழிருந்து வரும். நம்மவர்கள் தரையைத் துடைப்பதோடு விடமாட்டார்கள். தீபாவளிக்கு முன்னால் வாளி வாளியாக ஊற்றிக் கழுவுவார்கள். பலகை தரையில் உட்கார்ந்திருந்தால் தண்ணீரைத் திரி மாதிரி உறிஞ்சி மேலே ஏற்றும். அதனால் தரையிலிருந்து 10 மில்லிமீட்டர் தூக்கி வைத்துத் திருக வேண்டும். அந்த இடுக்கை சீலண்ட் அடைக்கும், பிவிசி ஸ்கர்டிங் பட்டை மறைக்கும். அப்புறம், அக்கா மகளின் புத்தக அலமாரி எங்கே வரும் என்று முன்பே கேட்டு, அந்த உயரத்தில் தூண் சேனல்களுக்கு நடுவே ஒட்டுப்பலகை வைத்தேன். மூடிய பிறகு கேட்டால் வெறும் பலகையில்தான் திருகாணி போகும். பார்ட்டிஷனை சீலிங்கோடு நிறுத்தாமல் மேல் கான்கிரீட்வரை கொண்டுபோனேன். இல்லாவிட்டால் ஹாலில் ஓடும் டிவி சத்தம் சீலிங்குக்கு மேலாகத் தாண்டிப் படிக்கிற பிள்ளையிடம் போய்விடும்.

இப்போது, சீலிங்குக்கு மேலே பார்ப்பதற்கான திறப்பு. இந்த முறை இரண்டு வைத்தேன். ஒன்று குழாய் இணைப்புக்கு நேர் கீழே, இன்னொன்று குளியலறைச் சீலிங்கில், மேல்வீட்டு வடிகால் வளைவுக்குக் கீழே. அளவு 450-க்கு 450 மில்லிமீட்டர். சிலர் அழகு கெடும் என்று 300-இல் முடித்துக்கொள்வார்கள். 300-இல் கை போகும், தலையும் டார்ச்சும் சேர்ந்து போகாது. ஏர்கோன்காரர் குழாய்க்கு உறை போட வேண்டுமானால் இரண்டு கையும் பார்க்கக் கண்ணும் வேண்டும். திறப்புக்குச் சேனலை வெட்ட நேர்ந்தால் நான்கு பக்கமும் குறுக்குச் சேனல் போட்டுக் கட்ட வேண்டும். இல்லையென்றால் கதவின் மூலைகளிலிருந்து விரிசல் கிளம்பும். இடத்தைப் பலகை ஏற்றுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். தளத்தில் ஏர்கோன்காரர், மின்காரர், குழாய்க்காரர் மூவரையும் நிற்க வைத்து "நாளைக்கு எதை வந்து பார்ப்பீர்கள்?" என்று கேட்டாலே போதும், திறப்பின் இடம் தானாக வந்துவிடும்.

மூடுவதற்கு முன் ஏர்கோனை ஓர் இரவு முழுக்க ஓடவிடச் சொன்னேன். காலையில் குழாய் நெடுகக் கை வைத்துத் தடவிப் பார்த்தேன். ஓரிடத்தில் உறை இணைப்பில் ஈரம் இருந்தது. நாடா சுற்றி, மறுநாளும் பார்த்து, அது காய்ந்திருந்த பிறகுதான் பலகையைத் தூக்கினோம். மூடுமுன் குழாய்களோடு அளவுநாடாவை வைத்து எடுத்த நாலு படத்தை அச்சடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுத் திறப்புக் கதவின் உட்பக்கம் ஒட்டினேன்.

நிர்வாகத்துக்கு அக்காவே இன்னொரு கடிதம் எழுதினார். மேல்வீட்டு ஆண்டிக்குக் கடிதம் இல்லை, அந்த வருடத் தீபாவளிக்கு ஒரு டப்பா முறுக்கு மட்டும் போனதாகக் கேள்வி. நன்றி, வணக்கம்.