குத்தகையா, வாரமா? விடுதியை நடத்தக் கொடுக்கும் முன்

நேயர்களுக்கு வணக்கம். சொந்தமாக ஒரு விடுதியோ காட்டேஜோ வைத்திருந்து, அதைத் தானே நடத்த முடியாமல் இன்னொருவரிடம் கொடுக்க நினைப்பவர்களுக்காக இன்று பேசப்போகிறேன். பல வருடங்களாகக் கொடைக்கானல் பக்கத்து விடுதிக் கணக்குகளைப் பார்த்து வருகிறேன். மாதம் இவ்வளவு என்று வாடகைக்கு விடுவதா, வரும் வருமானத்தில் பங்கு கேட்பதா என்பதுதான் உரிமையாளர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி.

நம் ஊருக்கு இது புதிய கேள்வி அல்ல. வயலைக் குத்தகைக்கு விட்டால் விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய நெல் வீடு வந்துவிட வேண்டும். வாரத்துக்கு விட்டால் விளைந்ததில் பங்கு. ஆனால் வாரத்துக்கு விட்டவர் அறுவடை நாளில் வீட்டில் படுத்திருக்க மாட்டார். களத்துமேட்டில் போய் நிற்பார், மரக்கால் போடுவதை எண்ணுவார். விடுதியில் பங்கு கேட்பவர்களில் பலர் இந்த இரண்டாவது பாதியை மறந்துவிடுகிறார்கள்.

ஒரு கணக்கைச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். கணவர் கட்டிய பதினான்கு அறை விடுதி கொடைக்கானலில் இருக்கிறது, அவர் குடியிருப்பது மலைக்குக் கீழே. விடுதியை எடுத்து நடத்த வந்தவர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, மாதம் 1,20,000 ரூபாய் வாடகை. இன்னொன்று, அறை வருமானத்தில் 30 சதவீதம். அந்த அம்மா என்னிடம் வந்து, "தம்பி, எதுல கை வைக்கட்டும்?" என்று கேட்டார். கேட்பவர்களுக்குச் சுலபமாக இருக்க, எண்களைக் கொஞ்சம் உருட்டிச் சொல்கிறேன்.

வாடகை என்றால் வருடத்துக்கு 14,40,000. பங்கு என்றால் எவ்வளவு? ஏப்ரல், மே இரண்டு மாதமும் சீசன். நூற்றுக்கு எண்பது அறை நிறையும், அறைக்கு சராசரி 3,500 ரூபாய் என்று வைத்தால் அந்த 61 நாளில் ஏறக்குறைய 24 லட்சம். மீதிப் பத்து மாதத்தில் நூற்றுக்கு முப்பத்தைந்துதான் நிறையும், 1,800 ரூபாய்தான் கிடைக்கும். அதில் சுமார் 27 லட்சம். மொத்தம் 51 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதில் 30 சதவீதம் 15,20,000 வருகிறது. வாடகையைவிட 80,000 அதிகம். அம்மாவுக்குப் பங்குதான் பிடித்தது.

சரி, ஒப்பந்த வரைவை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றேன். அதில் வருமானம் என்பதற்கு ஒரு வரி விளக்கம் இருந்தது: முன்பதிவுத் தளங்களின் கமிஷன் போக மீதி. ஆன்லைன் தளங்கள் நூற்றுக்குப் பதினைந்து, இருபது என்று எடுப்பது சாதாரணம். பாதி அறைகள் அந்த வழியில் நிறைந்து, கமிஷன் இருபது என்றால், மொத்த வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு முதலிலேயே கழிந்துவிடும். அப்புறம் அம்மாவின் 30 சதவீதம் 13,70,000 ஆகிறது. வாடகையைவிடக் குறைவு! சதவீதம் மாறவே இல்லை. ஒரே ஒரு வரிதான்.

அதனால் சதவீதத்தைப் பேசும் முன் வருமானத்தைப் பேசுங்கள். விருந்தினர் கொடுக்கும் தொகையில் ஜிஎஸ்டியை மட்டும் கழிக்கலாம், அது அரசாங்கத்துப் பணம். கமிஷனை நடத்துபவர்தான் சுமக்க வேண்டும். எந்தத் தளத்தில் எவ்வளவு அறை விற்பது என்பதை முடிவு செய்வது அவர்தானே. கூடுதல் படுக்கைக்கு வாங்கும் பணம், வராமல் போனவர்களிடம் பிடித்துக்கொள்ளும் முன்பணம், பகலில் சில மணி நேரத்துக்கு விடும் அறை, இவையெல்லாம் வருமானத்தில் சேரும் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். நடத்துபவர் தன் நண்பருக்கு இலவசமாக அறை கொடுத்தால், மாதம் இத்தனை அறைக்கு மேல் போனால் அன்றைய விலையில் கணக்கில் ஏறும் என்றும் எழுதுங்கள். சாப்பாட்டு வருமானத்தில் பங்கு கேட்டுச் சண்டை போட வேண்டாம் என்பது என் எண்ணம். சமையலறைக் கணக்கு வெளியே நிற்பவருக்குப் பிடிபடாது. ஆனால் காலை உணவோடு சேர்த்து ஒரே விலையாக அறையை விற்றால், அதில் உணவுக்கு எவ்வளவு என்பதை முதலிலேயே தொகையாகக் குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அறை விலை சுருங்கிக்கொண்டே போகும்.

அடுத்தது களத்துமேடு. வருமானம் என்றால் என்ன என்று எழுதியாகிவிட்டது. அது முழுதாகக் காட்டப்படுகிறதா என்று எப்படித் தெரியும்?

சில வருடங்களுக்கு முன் வேறொரு விடுதியில் நடந்ததைச் சொல்கிறேன். உரிமையாளருக்கு சந்தேகம். பதிவேட்டில் தினமும் ஆறு, ஏழு அறைதான். நான் போன அன்று பின்கட்டில் டோபி மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில், கயிறு கட்டி ஆணியில் தொங்கவிட்ட ஒரு நாற்பது பக்க நோட்டு, ஓரமெல்லாம் சோப்புத் தண்ணீர் பட்டு உப்பியிருந்தது. தேதி போட்டு, பெட்ஷீட் 22, தலையணை உறை 24, துண்டு 21 என்று பென்சிலில் எழுதியிருந்தது. அந்த விடுதியில் அறைக்கு இரண்டு பெட்ஷீட். பதினோரு அறை உபயோகமாகியிருந்தால்தான் இருபத்திரண்டு வரும். பதிவேட்டில் அன்றைக்கு ஆறு அறை.

ஒரு நாள் கணக்கை வைத்து யாரையும் குற்றம் சொல்லக் கூடாது. முந்தைய நாள் மூட்டை சேர்ந்திருக்கலாம், நடுவில் யாராவது விரிப்பு மாற்றக் கேட்டிருக்கலாம். அதனால் மூன்று மாதத்தைக் கூட்டிப் பார்த்தேன். மூன்று மாதமும் ஒரே மாதிரி, விரிப்புகள் பதிவேட்டைவிட மிக அதிகம். நேரில் வந்து ரொக்கம் கொடுத்தவர்களைப் பதிவேட்டில் ஏற்றவே இல்லை. இது சின்ன விஷயம் அல்ல. தினம் ஒரே ஒரு அறை, 1,800 ரூபாய், கணக்கில் ஏறாமல் போனால் வருடத்துக்கு ஆறரை லட்சம். உங்கள் 30 சதவீதத்தில் ஏறக்குறைய இரண்டு லட்சம் போய்விடுகிறது.

ஆகவே ஒப்பந்தத்தில் இவற்றைக் கேளுங்கள். அறை பதியும் மென்பொருளில் உங்களுக்குப் பார்க்க மட்டும் ஒரு உள்நுழைவு. முன்பதிவுத் தளங்கள் மாதாமாதம் அனுப்பும் கணக்கின் நகல். நடத்துபவர் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் நகல். சொல்லாமல் வந்து பதிவேட்டையும் சலவை நோட்டையும் பார்க்கும் உரிமை. குறைத்துக் காட்டியது தெரிந்தால் வித்தியாசத்தோடு தணிக்கைச் செலவையும் அவரே தர வேண்டும் என்ற ஒரு வரி. இதில் எதற்கும் சம்மதிக்காதவரிடம் பங்கு பேச வேண்டாம், வாடகைக்குக் கொடுங்கள். நீங்கள் வெளிநாட்டில் இருக்கிறீர்கள், போய்ப் பார்க்க ஆள் இல்லை என்றாலும் வாடகைதான் நல்லது.

வாடகையில் வேறு மாதிரித் தொல்லை. நடத்துபவருக்கு ஒவ்வொரு ரூபாய் செலவும் தன் கையிலிருந்து போவது. கடைசி வருடத்தில் கீஸர் பழுதானால் மாற்ற மாட்டார். நம் மலையில் ஈரம் சுவரைச் சும்மா விடாது. இரண்டு வருடம் வெள்ளையடிக்காவிட்டால் கட்டிலுக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை ஏறிவிடும். மெத்தை, கீஸர், பெயின்ட் ஒவ்வொன்றும் எத்தனை வருடத்துக்கு ஒருமுறை, யார் செலவு என்று எழுதி, சாவி கொடுக்கும் நாளில் ஒவ்வொரு அறையையும் படம் பிடித்து இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

வாடகை நிச்சயம் வந்துவிடும் என்பதும் முழு உண்மை அல்ல. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது மலைக்கு யாருமே வரவில்லை. அந்த மே மாதத்தில் டெல்லி உயர்நீதிமன்றத்தில் ஒரு கடை வாடகை வழக்கு. ஒப்பந்தத்தில் அதற்கு இடம் தரும் ஒரு வரி இல்லாவிட்டால், ஊரடங்கைக் காரணம் காட்டி வாடகை தள்ளுபடி கேட்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. விற்பனையில் பங்கு என்று பேசியிருந்தால் அந்த ஒப்பந்த வரிகளின்படி கேட்கலாம் என்றும் சொன்னது. சட்டம் உரிமையாளர் பக்கம்தான். ஆனால் கையில் பணம் இல்லாதவரிடம் தீர்ப்பை வைத்துக்கொண்டு என்ன வாங்குவது? ஆறு மாத அட்வான்ஸ் பிடித்து வைத்திருந்தவர்கள்தான் தப்பித்தார்கள். இப்போது இ-பாஸ் இருக்கிறது. சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நடைமுறை. 2025 சீசனில் கொடைக்கானலுக்கு வெளியூர் வண்டிகள் வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 என்று வரம்பும் வந்தது. சீசன் வருமானம் பாதியானால் நம் கணக்கில் பங்கு பதினொன்றரை லட்சத்துக்குப் போய்விடும். அந்த நஷ்டம் யார் தலையில் என்பதைத்தான் வாடகை, பங்கு என்று இரண்டு பெயரில் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஜிஎஸ்டி வரியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாடகை என்று வந்தாலும் பங்கு என்று வந்தாலும் உங்களுக்கு அது கட்டட வாடகைதான், 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. நீங்கள் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர், நடத்துபவர் பதிவு உள்ளவர் என்றால் 2024 அக்டோபர் 10 முதல் அந்த வரியை அவரே நேராகக் கட்ட வேண்டும். 7,500 ரூபாய் வரை உள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான் வரி. ஆனால் வாடகைக்குக் கட்டிய 18 சதவீதத்தை அவர் அதில் கழித்துக்கொள்ள முடியாது. அவருக்கு அது முழுச் செலவு. அவர் குறைத்துக் கேட்டால் இதுவும் ஒரு காரணம் என்று புரிந்துகொண்டு பேசுங்கள்.

அந்த அம்மாவிடம் திரும்ப வருகிறேன். இரண்டையும் சேர்த்துப் பேசச் சொன்னேன். மாதம் ஒரு லட்சம் நிச்சயம். 30 சதவீதம் அதைவிட அதிகமானால் அதிகமானது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எது அதிகம் என்று மாதாமாதம் பார்ப்பதா, வருட முடிவில் பார்ப்பதா? வருடக் கணக்கு என்றால் முன்பு சொன்ன 15,20,000தான். மாதக் கணக்கு என்றால், சீசன் இல்லாத மாதத்தில் 30 சதவீதம் எண்பதாயிரம்தான், ஆகவே ஒரு லட்சம் கிடைக்கும். பத்து மாதத்துக்கு பத்து லட்சம். சீசன் இரண்டு மாதத்தில் ஏழு லட்சத்துக்கு மேல். ஆக மொத்தம் 17,17,000. ஒரு சொல்லில் ஏறக்குறைய இரண்டு லட்சம் வித்தியாசம்.

நடத்துபவரும் கணக்குத் தெரிந்தவர். மாதக் கணக்கு என்றால் 27 சதவீதத்துக்கு மேல் கட்டுப்படியாகாது என்றார். நியாயமாகத்தான் பட்டது. 27 வைத்தாலும் நல்ல வருடத்தில் 16,45,000 வரும், சீசன் கெட்டாலும் மாதம் ஒரு லட்சத்துக்குக் குறையாது. ஐந்து வருட ஒப்பந்தம் போட்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்தார்கள். பதினொரு மாதத் தாளை வருடாவருடம் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று ஒரு புரோக்கர் சொன்னதை அம்மா கேட்கவில்லை.

கையெழுத்துப் போடும் முன் இன்னொரு வரியும் அவர் சேர்க்கச் சொன்னார். விடுதியின் பெயர், பலகையில் உள்ள தொலைபேசி எண், ஆன்லைன் தளங்களில் அந்தப் பெயரில் சேரும் மதிப்புரைகள் எல்லாம் ஒப்பந்தம் முடியும் நாளில் சாவியோடு திரும்பி வர வேண்டும் என்று. எனக்கே தோன்றாத விஷயம். "அவர் பெயர்ல அந்த எண் போயிடுச்சுன்னா, பழைய ஆளுங்க யாருக்குக் கூப்பிடுவாங்க?" என்று கேட்டார். அந்த சிம் கார்டு இப்போதும் அம்மாவின் பெயரில்தான் இருக்கிறது, போனை மட்டும் நடத்துபவர் வைத்திருக்கிறார். நன்றி, வணக்கம்.