டேட்டா இருக்கிறது, பக்கம் மட்டும் திறப்பதில்லை

நேயர்களுக்கு வணக்கம். பினாங்கு லிட்டில் இந்தியாவில், லெபு பசார் பக்கம் கைப்பேசி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி ஓர் அம்மா வந்தார். "தம்பி, மேல 4G போட்டிருக்கு, டாப் அப்பும் பண்ணியாச்சு. ஆனா எதைத் திறந்தாலும் சுத்திக்கிட்டே இருக்கு" என்றார். யாரோ சொன்னார்கள் என்று அதே நிறுவனத்தில் புது சிம் கார்டும் வாங்கிப் போட்டிருக்கிறார். பயன் இல்லை.

நான் இரண்டே கேள்வி கேட்டேன். வீட்டு வைஃபையில் பக்கம் திறக்கிறதா? திறக்கிறது என்றார். மொபைல் டேட்டாவில் வாட்ஸ்அப் செய்தி போகிறதா? அங்கேயே மகளுக்கு ஒன்று அனுப்பிப் பார்த்தார், உடனே போய்விட்டது. சரி, அப்படியென்றால் சிம் கார்டிலும் குறையில்லை, கோபுரத்திலும் குறையில்லை.

கைப்பேசி மொபைல் டேட்டாவில் நுழையும்போது, "எந்த வாசல் வழியாகப் போகவேண்டும்" என்று நிறுவனத்திடம் ஒரு பெயரைச் சொல்லும். அந்தப் பெயர்தான் ஏபிஎன். வாசல் திறந்து கைப்பேசிக்கு ஓர் ஐபி முகவரி கிடைத்துவிட்டால், மேலே 4G குறி வந்துவிடும். அந்தக் குறி சொல்வது அவ்வளவுதான். வாசலுக்கு அப்பால் வழி இருக்கிறதா என்பது வேறு விஷயம். பெயர் முழுக்கத் தப்பாக இருந்தால் பெரும்பாலும் நெட்வொர்க் உள்ளேயே விடாது, டேட்டாக் குறியே வராது. குறி வந்தும் பக்கம் வரவில்லை என்றால், பெயருக்குக் கீழே இருக்கும் மற்றக் கட்டங்களைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

அந்த அம்மாவின் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் Settings போய், மொபைல் நெட்வொர்க் பகுதியில் Access Point Names என்பதைத் திறந்து, அங்கே இருந்த பெயரைத் தொட்டேன். வாசல் பெயர் சரியாகத்தான் இருந்தது. அதன் கீழே Proxy என்ற கட்டத்தில் ஏதோ ஓர் எண் முகவரி, Port என்ற கட்டத்தில் 8080. இங்கே சாதாரண இணையத்துக்கு இந்த இரண்டு கட்டமும் காலியாக, Not set என்றுதான் இருக்கவேண்டும். "பேரன் வீடியோ பார்த்து வேகம் கூட்டித் தரேன்னு ஏதோ போட்டான், ரெண்டு மாசம் நல்லாத்தான் ஓடுச்சு" என்றார் அம்மா.

ப்ராக்ஸி என்றால் இடையில் நிற்கும் ஒரு கணினி. அந்தக் கட்டத்தில் முகவரி இருந்தால், பிரவுசர் ஒவ்வொரு பக்கத்தையும் அந்தக் கணினியிடம்தான் கேட்கும். யாரோ எங்கோ நடத்திய அந்தக் கணினி நின்றுபோனதும் பதில் சொல்ல ஆளில்லை, பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வாட்ஸ்அப் அந்த வழியைக் கேட்பதில்லை, நேராகவே போகிறது. அதனால்தான் செய்தி போனது. இந்த அமைப்பு கைப்பேசிக்குள் இருப்பதால் புது சிம்மாலும் அது மாறவில்லை. ஓடிய அந்த இரண்டு மாதம்தான் எனக்குப் பெரிய கவலை. அம்மா எந்தெந்தத் தளத்துக்குப் போனார் என்பது முன்பின் தெரியாத ஒருவர் கணினி வழியாகப் போயிருக்கிறது. வேகம் கூட்டுவதாகச் சொல்லும் இந்த மாதிரி அமைப்புகளைத் தயவுசெய்து போடாதீர்கள்.

சரிசெய்வது எளிது. Access Point Names பக்கத்தின் மூலையில் மூன்று புள்ளியைத் தொட்டு Reset to default கொடுங்கள், சிம்முக்கு உரிய அமைப்பு திரும்ப வரும். கையால் திருத்தினால், திருத்தும் பக்கத்தின் மூன்று புள்ளியில் Save என்று கொடுத்தே வெளியே வாருங்கள், இல்லாவிட்டால் சில கைப்பேசிகளில் திருத்தம் நிற்காது. அப்புறம் விமானப் பயன்முறையைப் போட்டு, பத்து வினாடி கழித்து எடுங்கள். கைப்பேசி புதிதாக வாசலைத் தட்டும். அம்மாவுக்கு அதோடு பக்கம் திறந்துவிட்டது.

வாசல் பெயரை மட்டும் யூகித்து மாற்றாதீர்கள். இங்கே ஒரு நிறுவனத்தின் வாசல் பெயர் my3g. மலேசியாவில் 3G 2021 இறுதியில் மூடப்பட்டது, ஆனாலும் 4G சேவைக்கு அந்தப் பெயரேதான். அதைப் பழசு என்று நினைத்து 4g என்று திருத்திக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது வெறும் பெயர், எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கவேண்டும்.

ஐஃபோனில் அந்தக் கட்டங்கள் கண்ணிலேயே படாமல் இருக்கலாம். Settings, General, அதில் VPN & Device Management போய், இந்த மாதிரி அமைப்புகளைக் கைப்பேசிக்குள் போட்டுவிடும் பழைய ப்ரொஃபைல் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் அறியாத ஒன்று இருந்தால் நீக்குங்கள். அலுவலகம் கொடுத்த கைப்பேசி என்றால் மட்டும் முதலில் அவர்களிடம் கேளுங்கள்.

இவ்வளவும் செய்து பக்கம் வரவில்லையா? சிம்மைக் கழற்றி வீட்டிலுள்ள இன்னொரு கைப்பேசியில் போடுங்கள். அங்கே திறந்தால் கோளாறு இன்னும் உங்கள் கைப்பேசியில்தான். அங்கேயும் திறக்கவில்லை என்றால் டேட்டா அளவு தீர்ந்திருக்கலாம், கணக்கில் தடை இருக்கலாம். அதை நிறுவனத்திடம்தான் கேட்கவேண்டும்.