அலுமினியமும் எஃகும் சேரும் போல்ட் இணைப்பு: வாஷர் மட்டும் ஏன் போதாது?

வணக்கம். மேசை மேல் நான் வைத்திருப்பது, கடற்கரையை ஒட்டிய ஒரு வீட்டின் மாடியிலிருந்து கழற்றப்பட்ட சோலார் பேனல் தாங்கியின் ஒரு துண்டு. கீழே இருப்பது பெயின்ட் அடித்த இரும்பு ஆங்கிள், மேலே அலுமினிய ரெயில், இரண்டையும் பிணைப்பது 8 மில்லிமீட்டர் எஸ்.எஸ். போல்ட். போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருப்பதையும், போல்ட் பளபளப்பாகவே இருப்பதையும் கவனியுங்கள். உப்பு ஈரத்தில் இரண்டு உலோகங்களும் தொட்டுக்கொண்டிருக்கும்போது அலுமினியம் கரைந்து, மற்றதைக் காக்கிறது. ஆகவே இப்படிப்பட்ட இணைப்பில் போல்ட் நன்றாக இருக்கிறது என்று திருப்தி அடைவதில் பொருளில்லை. பார்க்க வேண்டியது துளையின் ஓரத்தை.

இந்த இணைப்பில் வாஷர் போடாமல் இல்லை. போல்ட் தலைக்குக் கீழே நைலான் வாஷரும், ரெயிலுக்கும் ஆங்கிளுக்கும் நடுவே பிளாஸ்டிக் தகடும் இருந்தன. ஆனால் போல்ட்டின் தண்டு அலுமினியத் துளையின் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது, அதன் மறுமுனையில் நட் இரும்பைத் தொட்டது. மேலும் கீழும் எவ்வளவு தடுத்தாலும், நடுவில் போல்ட்டே பாலமாகிவிடுகிறது. அந்தப் பாலத்தை உடைப்பதுதான், துளைக்குள் போல்ட்டின் தண்டைச் சுற்றிப் போடும் நைலான் குழாயான ஸ்லீவின் வேலை.

அளவுகளோடு சொல்கிறேன். 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு, சுவர் 1 மில்லிமீட்டர் கனமுள்ள நைலான் ஸ்லீவ் போட்டால் வெளிவிட்டம் 10 ஆகும். எனவே ரெயிலிலும் நடுத் தகட்டிலும் 10.5 மில்லிமீட்டர் துளை போட வேண்டும். ஆங்கிளில் வழக்கமான 9 மில்லிமீட்டர் துளையே போதும், ஏனெனில் போல்ட் இரும்பைத் தொடுவதால் அலுமினியத்துக்குக் கேடில்லை. ஒரு பக்கம் பிரித்தாலே சுற்று அறுந்துவிடும். ரெயிலின் கனம் 3, நடுத் தகட்டின் கனம் 2, ஆக மொத்தம் 5 மில்லிமீட்டர் என்றால் ஸ்லீவை நாலரை மில்லிமீட்டருக்கு வெட்டுங்கள். 5-ஐத் தாண்டினால் நட்டின் இறுக்கம் முழுவதும் ஸ்லீவின் மேல் விழும், ரெயில் தளர்ந்து ஆடும். மேலே நைலான் வாஷர், அதன் மேல் அகலமான எஸ்.எஸ். வாஷர், பிறகு போல்ட் தலை என்பதே வரிசை. எஸ்.எஸ். வாஷர் நைலானின் விளிம்பைத் தாண்டி ரெயிலைத் தொடக்கூடாது.

நடுத் தகடு ரெயிலின் ஓரத்தைவிடச் சில மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். காற்றுவெளியில் ஈரம் மெல்லிய படலமாகவே படிவதால், அரிப்பு உலோகங்கள் சேரும் இடத்தை ஒட்டிய குறுகிய பட்டையில்தான் கடுமையாக இருக்கும். தகட்டை நீட்டினால் அந்த ஈரப்பாதை நீள்கிறது. தகடு தண்ணீரை உறிஞ்சக்கூடாது. 1886-இல் திறக்கப்பட்ட நியூயார்க் சுதந்திர தேவி சிலையில், செப்புத் தோலுக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே வைத்த கல்நார்த் தடுப்பு காலப்போக்கில் பயனற்றுப்போய் இரும்பு துருவேறியது. 1980-களின் புதுப்பிப்பில் தோலைத் தாங்கும் இரும்புப் பட்டைகளுக்குப் பதில் எஸ்.எஸ். பட்டைகளும், நடுவே டெஃப்லானும் வைத்தார்கள். கறுப்பு ரப்பரிலும் எச்சரிக்கை தேவை. சில வகைகளில் கார்பன் மிகுந்திருப்பதால் அதுவே மின்சாரத்தைக் கடத்தும். வாங்குமுன் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துத் தொட்டுப் பார்த்துவிடலாம்.

பூட்டிய பிறகும் மல்டிமீட்டர்தான் சாட்சி. அதைப் பீப் நிலைக்கு மாற்றி, ரெயிலில் ஒரு முனையையும் ஆங்கிளில் மறுமுனையையும் வைத்துப் பாருங்கள்; பீப் ஒலித்தால் எங்கோ தொடுகிறது. அனோடைஸ் செய்த மேற்பரப்பும் பெயின்ட்டும் தாமே மின்தடுப்பான்கள் என்பதால், முனை வைக்கும் இடத்தை உலோகம் தெரியும்வரை சுரண்டாவிட்டால் பொய்யான நிம்மதிதான் கிடைக்கும். பல போல்ட்டுகளில் ஒன்று தொட்டாலும் ரெயில் முழுவதும் பீப் ஒலிக்கும், எனவே ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் குற்றவாளியைப் பிடிக்க வேண்டும்.

இந்தச் சோதனையை எர்த் கம்பி இணைக்கும் முன்பே முடித்துவிடுங்கள். தனித்துவிட்ட ரெயிலுக்குத் தனி எர்த் கட்டாயம் வேண்டும். அந்தக் கம்பி இரும்புச் சட்டத்துக்கும் போகுமானால், உலோகப் பாதை மீண்டும் இணைந்து பீப் ஒலிக்கத்தான் செய்யும். இருந்தாலும் வாஷரும் ஸ்லீவும் வீணல்ல, ஏனெனில் மாடியில் இரு உலோகங்களையும் நனைக்கும் தொடர்ச்சியான ஈரப்படலம் அந்த நீட்டிய தகட்டைத் தாண்டிப் போவது கடினம். ஆனால் முழுவதும் நீரில் மூழ்கியிருக்கும் பொருளுக்கு இந்தச் சலுகை கிடையாது. எர்த் கம்பி செம்பாக இருந்தால் அதை நேராக அலுமினியத்தில் முறுக்காமல், வெள்ளீயம் பூசிய லக் வைத்து இணையுங்கள்.

கடைசியாக ஒரு வரம்பு. நைலான் அழுத்தத்தில் மெல்ல நசுங்கும், அதனால் போல்ட்டின் இறுக்கம் குறைந்துகொண்டே போகும். இதனால் நான் இங்கே நைலாக் நட் போடுகிறேன், சில வாரம் கழித்து ஒருமுறை இறுக்கத்தைச் சரிபார்க்கிறேன். அதிகச் சுமையோ அதிர்வோ உள்ள இணைப்புக்கு நைலானை விட்டுவிட்டுக் கண்ணாடியிழை எபாக்சி வாஷருக்குப் போய்விடுங்கள்.