மரப்பலகையில் தங்கிவிடும் கவிச்சி

நேயர்களுக்கு வணக்கம். காய் நறுக்கும் மரப்பலகையைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். அதிலும் குறிப்பாக, வெங்காயம், பூண்டு, மீன் மூன்றும் ஒரே பலகையில் நறுக்கப்படும் வீடுகளுக்கான பேச்சு இது. சோப்பு போட்டுத் தேய்த்துக் காய வைத்தால் பலகை வாசனையே இல்லாதது போல இருக்கும். மறுநாள் அதிலேயே வெள்ளரிக்காய் நறுக்கி வாயில் போட்டால், பூண்டும் மீனும் கலந்த ஒரு வாடை அடிக்கும். கழுவியது போதவில்லை என்று இன்னும் ஓங்கித் தேய்ப்போம். பெரும்பாலும் குறை தேய்ப்பதில் இல்லை, எதை முதலில் போடுகிறோம், எதை அடுத்துப் போடுகிறோம் என்ற வரிசையில்தான் இருக்கிறது.

மரத்துக்குள் நீளவாக்கில் நுண்ணிய குழாய்கள் ஓடுகின்றன. கத்தி பட்ட ஒவ்வொரு கீறலும் அந்தக் குழாய்களைத் திறந்துவிடுகிறது. வெங்காயச் சாறும் மீன் நீரும் அந்த வழியாக உள்ளே இறங்கிவிடும். பலகை காய்ந்திருக்கும்போது அது வெளியே தெரியாது. ஈரம் பட்டதும் மேலே வரும். ஆகவே காய்ந்த பலகையை முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் தெளித்து, ஒரு நிமிடம் விட்டு, அப்புறம் முகர்ந்து பாருங்கள். அதுதான் சரியான சோதனை. கழுவுவதற்கு முன் ஒரு தடவை, கழுவிக் காய்ந்த பின் ஒரு தடவை இப்படிச் செய்து பார்த்தால், எந்த வாடை போனது, எந்த வாடை நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

ஏனென்றால் இவை ஒரே வாடை அல்ல. கடல் மீனின் கவிச்சிக்கு முக்கியக் காரணம் டிரைமெத்திலமீன் என்ற பொருள். மீன் பிடிபட்ட பிறகு, நேரம் ஆக ஆக அதன் சதையில் உண்டாவது. அது காரத்தன்மை உடையது, எளிதில் ஆவியாகி மூக்குக்கு வருவது. அதன் மேல் எலுமிச்சையின் புளிப்பு பட்டால் உப்பாக மாறிவிடும். உப்பாக மாறியது ஆவியாகாது, தண்ணீரில் கரைந்து போய்விடும். மீன் குழம்புக்குப் புளி கரைத்து ஊற்றுவதில் இந்த வேதியியலும் அடங்கியிருக்கிறது. வெங்காயம், பூண்டின் கதை வேறு. அவற்றின் வாடை கந்தகச் சேர்மங்களால் வருவது. அவற்றில் பல எண்ணெய்ப் பசை கொண்டவை, வெறும் தண்ணீரில் கரையாதவை. புளிப்பு அவற்றைப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. எலுமிச்சை தேய்த்த பிறகும் பூண்டு வாசனை அப்படியே இருப்பதற்கு இதுதான் காரணம்.

ஒரு பலகையை எடுத்துக்கொண்டு வரிசையாகச் செய்து பார்ப்போம். ஓர் அடி நீளம், முக்கால் அடி அகலம் உள்ள மாமரப் பலகை. அதில் சின்ன வெங்காயமும் பூண்டும் நறுக்கியாகிவிட்டது, அதற்குப் பிறகு மத்தி மீனை மஞ்சள் தடவித் துண்டு போட்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பச்சைத் தண்ணீர். பலர் எடுத்த எடுப்பில் கொதிநீரை ஊற்றிவிடுகிறார்கள். மீன் இரத்தமும் வழவழப்பும் புரதம். சூடு பட்டால் முட்டை வேகிற மாதிரி உறைந்து, கத்திக் கீறலுக்குள் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அதனால் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, கத்தியின் முதுகாலோ தோசைத் திருப்பியின் விளிம்பாலோ மர இழை ஓடும் திசையிலேயே வழித்து எடுங்கள். கீறல்களில் இருந்து சாம்பல் நிறத்தில் ஒரு வழுவழுப்பு வரும். அது வருவது நிற்கும் வரை வழிக்க வேண்டும். இந்த ஒரு வேலையைச் சரியாகச் செய்தாலே வாடையின் பெரும்பகுதி போய்விடும்.

அடுத்தது, கை தாங்கும் சூட்டில் வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும். மத்தி கொழுப்பு மிகுந்த மீன். அதன் எண்ணெய் பலகையிலேயே நின்றுவிட்டால், இரண்டொரு நாளில் காற்றுப்பட்டுக் காறிப்போன வாடை அடிக்கும். அந்த வாடைக்கு எலுமிச்சையால் பயன் இல்லை, சோப்புதான் வேண்டும். வெங்காயம், பூண்டின் எண்ணெய்ப் பசையையும் சோப்புதான் கிளப்பும். தேங்காய் நாரால் அல்லது நைலான் பிரஷ்ஷால், இழை வாக்கில் தேயுங்கள். கம்பி ஸ்க்ரப்பர் வேண்டாம். அதிலிருந்து உதிரும் இரும்புத் துணுக்கு மரத்தில் மாட்டிக்கொண்டு துருப்பிடித்தால் புதிய கறை ஒன்று வந்துவிடும். பலகையின் பின்பக்கத்தையும் கட்டாயம் நனைத்துக் கழுவுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஊறினால் அந்தப் பக்கம் உப்பி, பலகை வளைந்துவிடும். இதே காரணத்தால் தொட்டியில் ஊறப்போடவும் கூடாது.

சோப்பு போன பிறகு புளிப்பு. ஒரு மேசைக்கரண்டி கல் உப்பை ஒன்றிரண்டாக நுணுக்கிப் பலகை முழுவதும் தூவி, அரை எலுமிச்சை மூடியால் அழுத்தித் தேயுங்கள். உப்பு கீறல்களைச் சுரண்டும், எலுமிச்சைச் சாறு கவிச்சியை உப்பாக மாற்றும். பத்து நிமிடம் விட்டுக் கழுவலாம். எலுமிச்சை இல்லாவிட்டால் வெள்ளை வினிகரைத் துணியில் நனைத்துத் துடைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். புளிக்கரைசலும் கவிச்சியை எடுக்கும், ஆனால் வெளிர் நிற மரத்தில் பழுப்புக் கறை விழும். அதைக் கைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஆப்ப சோடா. இங்கேதான் வரிசை தவறுகிறது. கவிச்சி உள்ள பலகையில் முதலிலேயே சோடாவைப் போட்டால் வாடை குறையாது, கிளம்பி வரும். சோடாவும் காரம், கவிச்சியும் காரம். உப்பாக அடங்கியிருந்தது சோடா பட்டதும் பழையபடி ஆவியாகி எழும். சோடாவின் மேல் எலுமிச்சையைப் பிழிந்து நுரை பொங்க வைப்பதும் பலர் செய்வது. பார்க்கப் பெரிய வேலை நடப்பது போல இருக்கும். உண்மையில் புளிப்பும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு, மீதி நிற்பது ஏறக்குறைய வெறும் உப்புத் தண்ணீர்தான். ஆகவே எலுமிச்சையை நன்றாகக் கழுவி எடுத்த பிறகு, தண்ணீர் தெளித்து முகர்ந்து பாருங்கள். கவிச்சி போய், வெங்காயம், பூண்டு வாடை மட்டும் நின்றால் சோடா போடலாம். இரண்டு மேசைக்கரண்டி சோடாவுக்கு ஒரு மேசைக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் விட்டுக் குழைத்து, பூசி, கால் மணி நேரம் கழித்துத் தேய்த்துக் கழுவுங்கள். தேக்குப் பலகையாக இருந்தால் சோடாவை அதிக நேரம் விட வேண்டாம், மரம் கறுத்துவிடும். மஞ்சள் கறை மேல் சோடா பட்டால் அந்த இடம் செக்கச்செவேல் என்று ஆகும். பயப்பட வேண்டியதில்லை, காரம் பட்ட மஞ்சளின் இயல்பு அது. எலுமிச்சையால் ஒரு முறை துடைத்தால் பழைய நிறத்துக்கு வந்துவிடும்.

சோடாவுக்கும் அசையாத பூண்டு வாடைக்கு, மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு நன்றாக வேலை செய்கிறது. கந்தகச் சேர்மங்களோடு ஆக்சிஜன் சேரும்போது அவற்றின் வாடை மட்டுப்படும். புட்டியில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 6 சதவீதம் என்றால் சம அளவு தண்ணீர் கலந்து 3 சதவீதமாக்கிக்கொள்ளுங்கள். கையுறை போட்டுக்கொண்டு பலகையில் மெல்லியதாக ஊற்றினால், சில கீறல்களில் மட்டும் வெள்ளையாக நுரை கட்டும். பெரும்பாலும் மீன் இரத்தமோ காய்ச் சதையோ இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் இடங்கள் அவை. அந்தக் கீறல்களைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, ஐந்து நிமிடம் விட்டுக் கழுவிவிடுங்கள். வினிகரும் பெராக்சைடும் ஒரே நேரத்தில் வேண்டாம். பிளீச்சிங் திரவம் பயன்படுத்துகிறவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். அதோடு எலுமிச்சையோ வினிகரோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சை அடைக்கும்.

கறைகளுக்கு வருவோம். மஞ்சள் கறைக்கு வெயிலை மிஞ்சிய மருந்து இல்லை. மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் சிதைந்து வெளுத்துப் போகும். காலை இளவெயிலில் பலகையை நிமிர்த்தி வைத்து, அரை மணிக்கு ஒரு தடவை பக்கம் மாற்றுங்கள். உச்சி வெயிலில் ஒரே பக்கமாகப் படுக்கப் போட்டால் பலகை வளையும், வெடிக்கும். வெங்காயம் நறுக்கிய இடத்தில் கருநீலமாகத் தெரிவது பெரும்பாலும் இரும்புக் கத்தியின் வேலை. கத்தியிலிருந்து வரும் இரும்பு, வெங்காயத்தில் உள்ள பொருட்களோடும் மரத்தின் துவர்ப்போடும் சேர்ந்து கறுக்கிறது. அந்தக் கறைக்கு எலுமிச்சைச் சாறு பூசிக் கால் மணி நேரம் விட்டுக் கழுவுங்கள். ஒரே தடவையில் போகாது, இரண்டு மூன்று நாள் செய்தால் மங்கும்.

கழுவி முடித்ததும் துணியால் துடைத்து, விளிம்பில் நிற்க வைத்து, இரண்டு பக்கமும் காற்றுப்படக் காய விடுங்கள். சுவரோடு ஒட்டி வைத்தால் பின்பக்கம் பூசணம் பிடிக்கும். ஒரு நாள் முழுக்கக் காய்ந்து, வாடை இல்லை என்று சோதித்த பிறகுதான் எண்ணெய் பூச வேண்டும். வாடையோடு பூசினால் அதை உள்ளேயே வைத்துப் பூட்டியதாகிவிடும். கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் நாளடைவில் காறும், அதுவே ஒரு வாடை. மருந்துக் கடையில் உட்கொள்ளும் தரத்தில் விற்கும் லிக்விட் பாரஃபின் காறாது. நாம் எடுத்துக்கொண்ட பலகைக்கு ஒரு பக்கத்துக்கு இரண்டு தேக்கரண்டி போதும். இரவு பூசி, காலையில் மிச்சத்தைத் துடைத்துவிடலாம். மாதம் ஒரு தடவை பூசி வந்தால் சாறு உள்ளே இறங்குவது குறையும். இன்னொரு சின்ன வேலை: நறுக்கத் தொடங்கும் முன் பலகையைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்துவிடுங்கள். ஏற்கெனவே ஈரம் குடித்த மரம் மீன் நீரைக் குறைவாகத்தான் குடிக்கும். மீனுக்கு ஒரு பக்கம், காய்க்கு ஒரு பக்கம் என்று விளிம்பில் கத்தியால் ஓர் அடையாளம் போட்டுக்கொள்வதும் நல்லது.

இவ்வளவும் செய்த பிறகும் ஈரம் பட்டால் வாடை வருகிறதா? அப்படியானால் கீறல்கள் ஆழமாகிவிட்டன என்று அர்த்தம். 80ஆம் எண் உப்புத்தாளால் இழை வாக்கில் தேய்த்துக் கீறல்களை மட்டமாக்கி, பிறகு 120, கடைசியாக 220 என்று போங்கள். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், தூசி நிறைய வரும். ஈரத் துணியால் துடைத்தால் மரத்தின் நார் சிலிர்த்து எழும். காய்ந்ததும் 220ஆல் இன்னொரு தடவை தேய்த்து, அதன் பிறகு எண்ணெய். பட்டைப் பட்டையாக ஒட்டிச் செய்த பலகையில் ஒட்டு விட்டு, நகம் நுழையும் அளவு இடுக்கு விழுந்திருந்தால், அல்லது வெடிப்புக்குள் கருப்பாகப் பூசணம் இறங்கியிருந்தால், உப்புத்தாளும் எட்டாது. அந்தப் பலகையைச் சமையலில் இருந்து எடுத்துவிட வேண்டியதுதான். வணக்கம்.