எட்டு கோர் இருந்தும் ஏன் திக்குகிறது?

வணக்கம். போன் வாங்கும்போது பெட்டியில் "ஆக்டா கோர்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். போனின் சிப்புக்குள் கணக்குப் போடும் பகுதிகளான கோர்கள் எட்டு என்று அர்த்தம். எட்டும் ஒரே மாதிரி எட்டு இல்லை என்பதைப் பெட்டி சொல்லாது. இன்றைக்கு அதைத்தான் பிரித்துப் பார்க்கப் போகிறோம். அதுவும் விளையாட்டுக்கோ வீடியோ எடிட்டிங்குக்கோ இல்லை. நாள் முழுக்க விரலால் மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறோமே, அந்த ஸ்க்ரோலிங்குக்கு மட்டும்.

ஸ்னாப்டிராகன் 695-ஐ எடுத்துக்கொள்வோம். 120 ஹெர்ட்ஸ் திரையோடு நடுத்தர விலைப் போன்கள் பலவற்றில் வந்த சிப் இது. உள்ளே கார்டெக்ஸ்-ஏ78 வகைப் பெரிய கோர் இரண்டு, அதிகபட்சம் 2.2 கிகாஹெர்ட்ஸ். மீதி ஆறும் கார்டெக்ஸ்-ஏ55 வகைச் சின்ன கோர்கள். சின்னது கட்டளைகளை வந்த வரிசையிலேயே செய்யும். ஒரு கட்டளைக்கு வேண்டிய தகவல் நினைவகத்திலிருந்து வரத் தாமதமானால், பின்னால் நிற்பதும் சேர்ந்து நிற்கும். பெரியது அப்படியில்லை. வரிசையைத் தாண்டி, செய்ய முடிந்ததை முதலில் முடித்துவிடும். அந்த வசதிக்குச் சிலிக்கானில் கூடுதல் இடம் வேண்டும், கூடுதல் மின்சாரமும் வேண்டும். பெரிய கோர், சின்ன கோர் என்று கலந்து வைத்த காரணம் இதுதான். ஆர்ம் நிறுவனம் 2011-இல் இந்த ஏற்பாட்டை அறிவித்தபோது ஜோடி ஏ15-உம் ஏ7-உம்.

இப்போது கணக்குக்கு வருவோம். 60 ஹெர்ட்ஸ் திரை நொடிக்கு 60 முறை படத்தை மாற்றும். அப்படி ஒரு படத்துக்கு, அதாவது ஒரு ஃப்ரேமுக்கு, கிடைக்கும் நேரம் 16.7 மில்லி நொடி. 120 ஹெர்ட்ஸில் 8.3 தான். ஸ்க்ரோல் செய்யும்போது ஆப்பின் முக்கிய த்ரெட், அதாவது அதன் முதன்மை வேலை வரிசை, ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் எந்த வரி எங்கே, எந்தப் படம் எங்கே என்று கணக்கிட வேண்டும். அந்த வேலை பெரிய கோரின் முழு வேகத்தில் 3 மில்லி நொடி பிடிக்கிறது என்று வையுங்கள். சின்ன கோர் அதில் மூன்றில் ஒரு பங்கு வேகம் என்றால் 9 மில்லி நொடி. 60 ஹெர்ட்ஸில் 9 என்பது தாராளம். 120 ஹெர்ட்ஸில் 9 என்றால் பஸ் போய்விட்டது. பழைய படமே இன்னொரு முறை திரையில் நிற்கும். கண்ணுக்கு அது திக்கலாகத் தெரியும்.

அப்படியானால் எல்லாவற்றையும் பெரிய கோரில் முழு வேகத்தில் ஓட்டலாமே என்று தோன்றும். பேட்டரி அங்கேதான் ஓட்டையாகும். வேகம் கூட வேண்டுமென்றால் வோல்டேஜும் கூட வேண்டும். ஒரே வேலையைச் செய்து முடிக்க ஆகும் ஆற்றல் ஏறக்குறைய வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. உதாரணத்துக்கு, முழு வேகத்தில் 0.9 வோல்ட், பாதி வேகத்தில் 0.6 வோல்ட் என்று கொண்டால், 0.6-ஐ 0.9-ஆல் வகுத்து வர்க்கம் எடுங்கள்: 0.44. அதே வேலை பாதிக்கும் குறைவான ஆற்றலில் முடிகிறது. நேரம் 3-க்குப் பதில் 6 மில்லி நொடி ஆகும். ஆனால் 8.3-க்குள் தானே இருக்கிறது! சீக்கிரம் முடித்துவிட்டுச் சும்மா இருப்பதால் திரையில் எந்த லாபமும் இல்லை.

பலரும் கவனிக்காத இடம் இது. சின்ன கோரை அதன் உச்ச வேகத்தில் விரட்டினால், அதுவும் தன் உச்ச வோல்டேஜில்தான் ஓடும். அந்த நிலையில் அதன் சிக்கனம் பெரும்பகுதி போய்விடுகிறது, ஃப்ரேமும் தவறுகிறது. பெரிய கோர் நிதானமாக ஓடுவது, சின்ன கோர் மூச்சு வாங்க ஓடுவதைவிடப் பல நேரம் மேல். பாட்டு ஓடும்போதும், பின்னணியில் மெயில் சரிபார்க்கும்போதும் நிலைமை வேறு. அந்த வேலைகளுக்குக் காலக்கெடு இல்லை. சின்ன கோர் குறைந்த வேகத்தில் செய்தால் அதைவிடச் சிக்கனம் கிடையாது.

எந்த வேலை எந்தக் கோருக்கு என்று பிரித்துக் கொடுப்பது இயங்குதளத்தின் மையமான கெர்னலில் இருக்கும் ஷெட்யூலர். அதற்கு ஜோசியம் தெரியாது. ஒரு த்ரெட் கடந்த சில மில்லி நொடிகளில் எவ்வளவு ஓடியது என்பதை வைத்துத்தான் எடை போடும். ஆண்ட்ராய்டுக்கு அடித்தளமான லினக்ஸின் வழக்கமான கணக்கில் அந்த நினைவு 32 மில்லி நொடிக்கு ஒருமுறை பாதியாகிறது. நீங்கள் ஒரு பதிவை ஐந்து நொடி நின்று படிக்கிறீர்கள், ஆப்பின் த்ரெட் தூங்குகிறது, அந்தக் கணக்கு பூஜ்யத்துக்கு இறங்கிவிடுகிறது. விரலை வைத்து இழுத்தவுடன் அது லேசான வேலையாகத் தெரியும். சின்ன கோருக்குப் போகலாம். இடைவிடாமல் ஓடினாலும் கணக்கு பாதி அளவுக்கு ஏறவே 32 மில்லி நொடி வேண்டும். 120 ஹெர்ட்ஸில் அது கிட்டத்தட்ட நான்கு ஃப்ரேம். இதைச் சமாளிக்கத்தான் விரல் பட்டதுமே குறைந்தபட்ச வேகத்தை உயர்த்திப் பிடிக்கும் ஏற்பாட்டைப் போன் தயாரிப்பாளர்கள் வைக்கிறார்கள். அதைச் சில நூறு மில்லி நொடி கூடுதலாகப் பிடித்துவைத்தால் பேட்டரி கரையும், குறைத்தால் முதல் இழுப்பு திக்கும். ஒரே சிப் உள்ள இரண்டு போன்கள் இரண்டு விதமாக நடந்துகொள்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆகவே திக்கல் எப்போது வருகிறது என்று பாருங்கள். விரல் வைத்த முதல் கணத்தில் மட்டும் திக்கி, பிறகு வழுக்கிக்கொண்டு போனால் மேலே சொன்ன தாமதத்தைச் சந்தேகிக்கலாம். படம் நிறைந்த பதிவு வரும்போதெல்லாம் திக்கினால் ஆப் தன் முக்கிய த்ரெட்டில் தேவையில்லாத வேலையைத் திணிக்கிறது. அதற்கு எந்தக் கோரும் மருந்தில்லை. பத்து நிமிடம் கழித்து, போன் சுட்ட பிறகு வந்தால் சூட்டுக்காகப் பெரிய கோரின் வேகத்துக்குக் கட்டுப்பாடு போட்டிருக்கக்கூடும்.

ஊகிக்காமல் அளக்கவும் வழி உண்டு. போனில் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, adb கருவி உள்ள கணினியில் இணைத்து, முதல் கட்டளையைக் கொடுங்கள். செட்டிங்ஸ் ஆப்பில் முப்பது நொடி ஸ்க்ரோல் செய்துவிட்டு, இரண்டாவதைக் கொடுங்கள்.

```
adb shell dumpsys gfxinfo com.android.settings reset
adb shell dumpsys gfxinfo com.android.settings
```

வெளிவரும் பட்டியலில் `Janky frames`, `90th percentile` என்ற இரண்டு வரி போதும். முதலாவது, நேரம் தவறிய ஃப்ரேம் எத்தனை என்பது. இரண்டாவது, பத்தில் ஒன்பது ஃப்ரேம் எத்தனை மில்லி நொடிக்குள் முடிந்தது என்பது. திரையின் வேகத்தை 60-க்கு மாற்றி அதே சோதனையைத் திரும்பச் செய்து ஒப்பிடுங்கள். ஃப்ளட்டரில் எழுதிய ஆப்களும் கேம்களும் தாங்களே வரைந்துகொள்பவை. அவற்றுக்கு இந்த எண்ணை நம்ப வேண்டாம்.

கோர்கள் எந்த வேகத்தில் ஓடுகின்றன என்று எட்டிப் பார்க்க:

```
adb shell "cat /sys/devices/system/cpu/cpufreq/policy*/scaling_cur_freq"
```

சேர்ந்து ஒரே வேகத்தில் ஓடும் கோர்களின் குழுவுக்கு ஒரு எண், கிலோஹெர்ட்ஸில் வரும். சில போன்கள் அனுமதி மறுக்கும். இந்தக் கட்டளையும் ஏதோ ஒரு கோரில்தான் ஓடுகிறது. பார்க்கப் போனவரே கதவைத் தட்டி எழுப்பிவிட்ட மாதிரி, எண்ணைச் சற்று உயர்த்திக் காட்டும்.

இரண்டு பெரியது, ஆறு சின்னது என்ற அமைப்பில் 120 ஹெர்ட்ஸ் அடிக்கடி திக்கினால், 60-இல் வைப்பதுதான் என் பரிந்துரை. 120-க்கும் அதற்குக் கீழும் அலைபாய்வதைவிட, சீரான 60 கண்ணுக்கு இதம். திரை மட்டுமல்ல, செயலியும் சேமிக்கிறது: வரைய வேண்டிய ஃப்ரேம் பாதி, ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் அவகாசம் இரட்டிப்பு. 9 மில்லி நொடி வேலையைச் சின்ன கோரே முடித்துவிடும்.

விலை உயர்ந்த சிப்புகள் வேறு பாதையில் போகின்றன. 2023-இல் வந்த டைமென்சிட்டி 9300-இல் சின்ன கோரே கிடையாது: நான்கு எக்ஸ்4, நான்கு ஏ720. 2024-இன் ஸ்னாப்டிராகன் 8 எலைட்டிலும் ஏ55 போன்ற சின்ன கோர் இல்லை. பெரிய கோரைக் குறைந்த வோல்டேஜில் நிதானமாக ஓட்டும் அதே கணக்கு அங்கேயும் பொருந்தும். இடமும் விலையும் அனுமதித்தால் மட்டும். அடுத்த போனின் பெட்டியில் "ஆக்டா கோர்" என்று பார்த்தால், எட்டில் எத்தனை ஏ55 என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.