கலைமாலை எத்தனை மணிக்கு?

நேயர்களுக்கு வணக்கம். சித்திரைக் கலைமாலையை இணையத்தில் நடத்தும் தமிழ்ச் சங்கங்கள் அறிவிப்பில் நேரத்தை எப்படி எழுத வேண்டும்? இன்று அதை மட்டும் பேசுகிறேன்.

லண்டனில் உள்ள ஒரு சங்கத்தை எடுத்துக்கொள்வோம். நிகழ்ச்சி 2026 ஏப்ரல் 18, சனிக்கிழமை, லண்டனில் பகல் 12 மணிக்கு. அப்போது டொராண்டோவில் காலை 7. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் மாலை 4.30. சிங்கப்பூரில் இரவு 7, சிட்னியில் இரவு 9.

ஒத்திகை மூன்று வாரம் முன்பு, மார்ச் 28 அன்று, லண்டனில் அதே பகல் 12 மணிக்கு. வம்பு இங்கேதான் வருகிறது. அன்று சென்னையில் மாலை 5.30, சிட்னியில் இரவு 11. மறுநாள் மார்ச் 29 அன்று லண்டன் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போகிறது. ஏப்ரல் 5 அன்று சிட்னிக் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே வருகிறது. இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் மாற்றமே கிடையாது. ஒத்திகை நேரத்தையே மனத்தில் வைத்திருக்கும் சென்னைப் பாட்டி ஒரு மணி நேரம் தாமதமாக வருவார். சிட்னிக் குடும்பம் வரும்போது இரண்டு மணி நேரம் போயிருக்கும். பேத்தியின் ஆட்டம் முடிந்திருக்கும்.

ஆகவே ஒத்திகைக்கும் விழாவுக்கும் நேரங்களைத் தனித்தனியாகக் கணக்கிடுங்கள். கைபேசியின் உலகக் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கிட வேண்டாம். அது இன்றைய வித்தியாசத்தைத்தான் காட்டும். நாட்காட்டிச் செயலியில் ஏப்ரல் 18-க்குப் போய், லண்டன் நேரமென்று குறித்துப் பதிவு செய்யுங்கள். அதைப் பெறுகிற ஒவ்வொருவருக்கும் அவரவர் ஊர் நேரமே தெரியும்.

அறிவிப்பில் ஊர்ப்பெயர், தேதி, கிழமை, காலையா இரவா என்பது நான்கும் ஒரே வரியில் இருக்கட்டும். ஐ.எஸ்.டி. போன்ற சுருக்கம் வேண்டவே வேண்டாம். இந்திய நேரத்துக்கும் அயர்லாந்தின் கோடை நேரத்துக்கும் அதே மூன்று எழுத்துதான். ஓர் ஊரில் நள்ளிரவு தாண்டினால் "ஞாயிறு அதிகாலை 12.30, சனி இரவுக்குப் பின்" என்று விரித்தே எழுதுங்கள். வெறும் "12.30" என்றால் பாதிப் பேர் மறுநாள் மதியம் வந்து நிற்பார்கள்.

சுவரொட்டிப் படத்தில் மட்டும் நேரம் இருந்தால் போதாது. கீழே எழுத்தாகவும் கொடுங்கள். படத்தின் மூலையில் வெளியிட்ட தேதி இருக்கட்டும். நேரம் மாறிய பிறகும் பழைய படம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டே இருக்கும். எது புதியது என்று தெரிய வேறு வழியில்லை.

நிரலையும் இதே கணக்கில் அடுக்கலாம். சிட்னியில் இரவு 9 என்பதால் அங்குள்ள சிறு பிள்ளைகளின் பாட்டை முதல் அரைமணிக்குள் வையுங்கள். டொராண்டோவின் பரதநாட்டியத்தைக் கடைசியில் வைத்தால், அவர்கள் அலங்காரத்துக்காக விடியுமுன் எழ வேண்டியதில்லை. அறிவிப்பிலேயே அந்தந்த உருப்படியின் பக்கத்தில் ஆடுகிற ஊரின் நேரத்தைப் போட்டுவிடுங்கள்.